ஜாதகத்தைக் குழுவில் போடுவதற்கு முன்: பிறந்த தேதியை எங்கே கொடுக்கலாம், எங்கே கூடாது

என் தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, எல்லா வீடுகளிலும் நடப்பது போலவே நாங்களும் செய்தோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். சொந்தபந்தம் பாதி சித்தூர் தாலுகாவிலும் பாதி பொள்ளாச்சி, கோவைப் பக்கமும் இருப்பதால், முன்பு தரகர் பையில் அலைந்த ஜாதகம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் எல்லை தாண்டுகிறது. தங்கையின் ஜாதகத்தை ஒரே தாளில் ஒளிப்படம் எடுத்து மூன்று குழுக்களில் போட்டேன். முழுப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், வேலை, கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன.

பதினோராவது நாள் காலை அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் எதையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அவனே சொன்னான். "மேடம், உங்கள் வங்கி அட்டைப் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்கிறேன்" என்று தொடங்கி, அவள் பெயரையும் அப்பா பெயரையும் நாள், மாதம், ஆண்டோடு பிறந்த தேதியையும் வாசித்தான். "சரிதானே மேடம்?" என்று கேட்டான். சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு, அட்டையில் சந்தேகமான ஒரு பணப்பரிமாற்றம் நடப்பதாகவும் அதை நிறுத்த அட்டை எண்ணும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் தேவை என்றும் சொன்னான். அவள் இரண்டு முறை ஓடிபி சொன்னாள்.

"என் பிறந்த தேதி வங்கியைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் அண்ணா?" என்று அவள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதை நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்பியவன் நான். அடுத்த ஐந்து மாதம் வங்கி, புகார், மனு என்று அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. அந்தத் தேதி என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பிறந்த தேதி மட்டும் கையில் இருந்தால் யாராலும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அது மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, ஆளைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 365 நாள், எழுபது ஆண்டு என்று வைத்தால் 25,550 வெவ்வேறு பிறந்த தேதிகள். முப்பதாயிரம் பேர் வாழும் ஒரு பஞ்சாயத்தில் ஒரு தேதிக்குச் சராசரியாக ஒருவர்தான் வருவார். ஊர்ப் பெயரும் முழுத் தேதியும் சேர்ந்தால் பெயரே இல்லாமல் ஆளைச் சுட்டிவிடலாம். ஆண்டை மட்டும் மறைத்தால், அதே பஞ்சாயத்தில் அந்த நாளில் பிறந்தவர்கள் எண்பது பேருக்கு மேல் இருப்பார்கள். எனவே ஆண்டை மறைப்பதுதான் பெரிய பாதுகாப்பு. வாழ்த்துச் சொல்பவர்களுக்கு நாளும் மாதமும் போதும்.

இரண்டாவது, நீங்கள்தான் நீங்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டுவது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் பெயருக்கு அடுத்தபடி அவர்கள் கேட்பது பெரும்பாலும் பிறந்த தேதியைத்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் நிலையை இணையத்தில் பார்க்கக் கோப்பு எண்ணும் பிறந்த தேதியும் போதும். ஓட்டுநர் உரிம விவரத்தைப் பார்ப்பதும், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவைப் பார்ப்பதும் இப்படியே: ஓர் எண், கூடவே பிறந்த தேதி. பூட்டிய கோப்புகளுக்கும் இதுவே சாவி. இணையத்தில் பதிவிறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல், ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். மின்னஞ்சலில் வரும் பான் அட்டைக் கோப்பு, நாள் மாதம் ஆண்டு என எட்டு இலக்கமாகப் பிறந்த தேதியை இட்டால் திறக்கும். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்குப் பான் எண்ணும் அதே எட்டு இலக்கமும்.

```
SAIK1990
P.KU1990
```

முதல் வரி சாய் குமார் என்ற பெயருக்கு, இரண்டாவது வரி பி. குமார் என்ற பெயருக்கு. இருவரும் 1990இல் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொண்டது. முன்னெழுத்து முதலில் வந்தால் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும். நம் பக்கத்தில் தமிழ்நாட்டு ஆவணத்தில் முன்னெழுத்து முன்னாலும் கேரள ஆவணத்தில் பின்னாலும் இருப்பதால், சொந்தக் கோப்பையே திறக்க முடியாமல் பலர் தவிக்கிறார்கள். ஆனால் நம் பெயரும் ஆண்டும் தெரிந்த அந்நியனுக்கு இரண்டு மூன்று முயற்சிக்கு மேல் தேவைப்படாது.

மூன்றாவது வேலைதான் எங்களைக் கவிழ்த்தது. நாம் வங்கிக்கு நம்மை நிரூபிக்கச் சொல்லும் அதே தேதியைச் சொல்லி, அவன் தன்னை வங்கி என்று நமக்கு நிரூபித்தான். அழைப்பவர் உங்கள் தேதியைச் சரியாகச் சொன்னால், அவருக்கு உங்கள் தேதி தெரியும் என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

2. தேதி ஏற்கெனவே எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேடுங்கள்

இதற்கு ஒரு மாலைப் பொழுது ஒதுக்குங்கள். செலவு எதுவும் இல்லை. முகநூலில் உங்கள் பக்கத்துக்குப் போய், `About` பகுதியில் பிறந்த தேதி இருக்கும் இடத்தைத் திறந்தால், நாள்-மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என யார் பார்க்கலாம் என்பதற்குத் தனித்தனி அமைப்பு இருக்கும். ஆண்டுக்கு `Only me` கட்டாயம். நாளையும் மாதத்தையும் நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொய்யான தேதி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். கணக்கு பூட்டிக்கொண்டால் அடையாள அட்டை காட்டச் சொல்வார்கள். அட்டையில் ஒரு தேதியும் கணக்கில் வேறு தேதியும் இருந்தால் கணக்கே கிடைக்காமல் போகலாம். உண்மையான தேதியைக் கொடுத்து, பார்வையிலிருந்து மறைப்பதுதான் சரி.

அமைப்பை மாற்றினால் மட்டும் போதாது. ஆண்டைச் சொல்லாமலே சொல்லிவிடும் பதிவுகள் நிறைய உண்டு. குழந்தையின் முதல் பிறந்தநாள் அழைப்பிதழ் அவற்றில் முதன்மையானது: பெயர், பெற்றோர் பெயர், தேதி, "முதலாம் ஆண்டு" எல்லாம் ஒரே படத்தில் இருக்கும். அந்தக் குழந்தை பிற்காலத்தில் வங்கிக் கணக்குத் தொடங்கும்போது எந்தத் தேதியைச் சொல்லப்போகிறதோ, அதை நாம் இன்றே ஊருக்குச் சொல்லிவிடுகிறோம். அறுபதாம் கல்யாண பிளெக்ஸ் பலகையும் அப்படித்தான். பழைய பதிவுகளில் இவற்றைத் தேடி, பார்ப்பவர்களைச் சுருக்குங்கள், அல்லது நீக்குங்கள்.

துணிக்கடை, நகைக்கடைகளின் பரிசுக் கூப்பன்களில் பிறந்த தேதிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வங்கி, காப்பீடு, பாஸ்போர்ட், வேலையிடம், மருத்துவமனை ஆகிய இடங்களில் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே சான்றிதழில் உள்ள தேதியை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.

3. ஜாதகத்தை இரண்டு சுற்றாகப் பிரியுங்கள்

இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், தாளின் மேலே இருக்கும் தேதியை மட்டும் வெள்ளை அடித்து மறைத்துவிட்டு, கட்டங்களை அப்படியே அனுப்பலாம் என்று நினைத்தேன். எங்கள் குடும்ப ஜோசியரிடம் காட்டினேன். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "தேதியை மறைத்து என்ன பயன் தம்பி, கட்டமே தேதிதானே" என்றார்.

அவர் விளக்கியது இது. சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு இருக்கும், குரு சுமார் ஓராண்டு, சூரியன் ஒரு மாதம், சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் சுமார் ஒரு நாள். கட்டத்தில் சனி மீனத்தில் இருந்தால், இருபதுகளின் கடைசியில் உள்ள பெண்ணுக்கு அது 1996 தொடக்கத்திலிருந்து 1998 சித்திரை வரையிலான காலம். குரு மகரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1997 மட்டும்தான் மிஞ்சும். சூரியன் துலாத்தில் இருந்தால் 1997 ஐப்பசி. நட்சத்திரமும் தெரிந்துவிட்டால் ஒரு நாள், அல்லது அடுத்தடுத்த இரண்டு நாள். சில நட்சத்திரங்கள் மாதத்தில் இரண்டு முறை வரும், அப்போது இன்னும் ஓரிரு நாள் கூடும். லக்னமும் இருந்தால் நேரம்கூட இரண்டு மணி நேர அளவுக்குள் வந்துவிடும். பஞ்சாங்கம் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. இதற்கு இலவச மென்பொருளும் உண்டு. (நான் எடுத்துக்காட்டாகச் சொன்னது வேறொரு கட்டம், தங்கையுடையது அல்ல.)

எனவே முதல் சுற்றில் கட்டம் வேண்டாம். நட்சத்திரப் பொருத்தம் பார்க்க நட்சத்திரம், பாதம், ராசி போதும். வயதை நிறைந்த ஆண்டாகச் சொல்லுங்கள். ஓர் ஆண்டில் ஒரே நட்சத்திரம் பதின்மூன்று, பதினான்கு முறை வரும். அதனால் வயதும் நட்சத்திரமும் தெரிந்தாலும் தேதி அம்பலமாகாது. நாங்கள் இப்போது குழுவில் போடும் செய்தி இவ்வளவுதான்:

"மணமகன் தேவை. வயது 27. நட்சத்திரம், பாதம், ராசி. படிப்பு. கோவையில் தனியார் வேலை. சொந்த ஊர் சித்தூர் தாலுகா. தொடர்புக்கு அண்ணன்."

கீழே இருப்பது என் எண். அதையும் வங்கியில் பதிவு செய்யாத பழைய எண்ணாகக் கொடுத்திருக்கிறேன். பெண்ணின் பெயர் கிடையாது. வங்கியில் பதிவான எண் ஜாதகத் தாளில் இருக்கவே கூடாது. அழைப்பவனுக்குத் தேதியும் அந்த எண்ணும் ஒன்றாகக் கிடைப்பதுதான் ஆபத்து.

நட்சத்திரப் பொருத்தம் அமைந்து, இரு வீட்டாரும் பேசி, நமக்கு அறிந்தவர் ஒருவர் வழியாக அந்தக் குடும்பத்தை விசாரித்த பிறகுதான் இரண்டாம் சுற்று. அப்போது முழு ஜாதகத்தைத் தாளாகக் கையில் கொடுக்கிறோம், அல்லது பிறந்த விவரத்தை ஜோசியரிடம் தொலைபேசியில் நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். இதனால் ஒரு வரனுக்கு நான்கைந்து நாள் கூடுதலாகிறது. "இதென்ன புதுப் பழக்கம்" என்று இரண்டு வீட்டார் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னதும் ஒரு வீட்டார் தங்கள் பையனின் ஜாதகத்தையும் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

ஒரு பொறி: பெரியவர்கள் பலருக்கு ஜாதகத் தேதி வேறு, பள்ளியில் சேர்த்தபோது எழுதிய தேதி வேறு. அதனால் ஜாதகத் தேதி வெளியே போனால் பாதகமில்லை என்று நினைக்கிறார்கள். இளையவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழிலிருந்தே எல்லா ஆவணமும் வருவதால் இரண்டும் ஒன்றுதான்.

4. ஆதாரைத் தேதியோடு சேர்த்து அலையவிடாதீர்கள்

ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதார் கோப்பை அனுப்பி, அடுத்த செய்தியிலேயே கடவுச்சொல்லையும் அனுப்புவது நம் பக்கத்தில் சாதாரணம். அந்தக் கோப்பு கடைக் கணினியில் கிடக்கும். ஆதாரை வழங்கும் யுஐடிஏஐயின் தளத்தில் பதிவிறக்கும்போதே, மறைத்த ஆதார் என்ற தெரிவு உண்டு. அதில் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். ஆனால் பிறந்த தேதி அதில் மறையாது. ஆகவே அச்செடுத்து முடிந்ததும், கடைக்காரர் கோப்பை நீக்குவதை நின்று பாருங்கள். உங்கள் ரேகையை வேறு யாரும் ஆதார் சரிபார்ப்புக்குப் பயன்படுத்தாதபடி, கைவிரல் ரேகைப் பூட்டை அதே தளத்தில் கட்டணமின்றிப் போடலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

5. ஏமாந்துவிட்டால்: மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில்

எங்களுக்கு நடந்த வரிசையைச் சொல்கிறேன். 11.22க்கு ரூ.19,500 போனது. 11.24க்கு ரூ.14,000. தங்கை என்னை அழைத்தாள். 11.50க்கு வங்கியின் எண்ணை அழைத்து அட்டையை முடக்கச் சொன்னோம். உடனே இணையக் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழைத்தோம். 12.05க்கு மூன்றாவதாக ரூ.9,999 போனது. அதற்கு ஓடிபி கேட்கப்படவே இல்லை. வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் அப்படித்தான்.

இந்த மூன்று தொகைக்கும் மூன்று வெவ்வேறு முடிவு கிடைத்தது. ஒரு காரணம் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை. வாடிக்கையாளர் தானே ரகசிய விவரத்தைச் சொல்லி ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. எனவே 11.50க்குப் பிறகு போன ரூ.9,999 எங்களுடைய பொறுப்பு அல்ல. வங்கிக் கிளை முதலில் மறுத்தது. கைபேசியின் அழைப்புப் பதிவையும் வங்கி தந்த புகார் எண்ணையும் காட்டி எழுத்தில் கேட்டோம். தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், தொண்ணூறு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அதே சுற்றறிக்கை. எங்களுக்கு வந்துவிட்டது.

ரூ.14,000 ஒரு மின்பணப்பையில் அப்போதும் இருந்தது. 1930 வழியாக முடக்கப்பட்டது. முடக்கியது அன்றே, கைக்கு வந்தது ஐந்து மாதம் கழித்து, நீதிமன்ற உத்தரவின் பேரில். ரூ.19,500 அதற்குள் வேறு கணக்குக்குப் போய்விட்டது, திரும்பவில்லை.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: பணம் போன குறுஞ்செய்திகளின் படம், பரிமாற்ற எண்கள், அழைத்தவனின் எண், வங்கி தந்த புகார் எண், கடைசி மாத வங்கி அறிக்கை, அடையாள அட்டை நகல். 1930ஐ அழைத்த பிறகு `cybercrime.gov.in` தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. எங்களுக்கு ஆனது பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் ஒரு வழக்கறிஞரிடம் மனு எழுதிய செலவும்தான்.

வங்கிக் கிளை கோவையில், வீடு கேரளத்தில், பணம் போனது எங்கோ என்பதால் எங்கே புகார் கொடுப்பது என்று ஒரு நாள் முழுவதும் குழம்பினோம். குழம்ப வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள்.

6. அதன் பிறகு இரண்டு சோதனைகள்

வெளியே போன தேதியைத் திரும்பப் பெற முடியாது. கடவுச்சொல்லைப் போல மாற்றவும் முடியாது. அதனால் அதைக் கொண்டு வேறு ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். `sancharsaathi.gov.in` தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண்ணை அங்கேயே தெரிவிக்கலாம். அதை முதல் வாரத்தில் செய்யுங்கள்.

கடன் அறிக்கையைச் சற்றுப் பொறுத்து எடுங்கள். நாட்டில் உள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே எடுத்தால், புதிதாக வாங்கப்பட்ட கடன் அதில் ஏறியிருக்காது, இலவச வாய்ப்பும் போய்விடும். நாங்கள் நாற்பத்தைந்தாம் நாள் ஒரு நிறுவனத்திடமும், மூன்று மாதம் கழித்து இன்னொன்றிடமும் எடுத்தோம். நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்பதோடு, நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனம் எதுவும் உங்கள் அறிக்கையைக் கேட்டிருக்கிறதா என்ற பகுதியையும் பாருங்கள். தங்கையின் அறிக்கையில் அப்படி ஒன்று இருந்தது: அவள் பெயரே கேள்விப்படாத ஒரு கடன் செயலி, அந்த அழைப்பு வந்து ஒன்பது நாள் கழித்து. கடன் எடுக்கப்படவில்லை. காவல் புகார் எண்ணை இணைத்து அந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கு மறுப்புத் தெரிவித்திருக்கிறோம். அடுத்த அறிக்கைக்கான நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.